பதநீர் எத்தனை மணிக்குக் கள்ளாகுது? ஆவடி ரோட்டோரம் தொடங்கி சட்டம் வரை ஒரு கலயத்தின் கணக்கு

வெயில் காலத்துல ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி பக்கம் பைக்ல போனா நுங்கு வண்டி கண்ணுல படாம இருக்காது. சில இடங்கள்ல பக்கத்துலயே ஒரு குடமும் நாலு டம்ளரும் இருக்கும். பதநீர். வண்டியை ஓரம் கட்டி ஒரு டம்ளர் குடிச்சிட்டுக் கிளம்பியிருப்பீங்க. அதுல தப்பே இல்ல, சட்டப்படியும் சரி.

இப்போ ஒரு கேள்வி. அதே பனை மரம், அதே பாளை, அதே சாறு. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவாம விட்டிருந்தா? அது கள். தமிழ்நாட்டில் அதை இறக்கினாலும் குற்றம், விற்றாலும் குற்றம், குடித்தாலும் குற்றம். 1987 ஜனவரி 1 முதல் இதுதான் நிலைமை.

இந்தத் தடையை நீக்கணும்னு விவசாயி நல்லசாமி தலைமையிலான கள் இயக்கம் பல வருஷமா போராடுது. 2025 ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் நாம் தமிழர் கட்சி ஒருங்கிணைப்பாளர் சீமான் பனை ஏறிக் கள் இறக்கினார். உங்க போன்லயும் அந்த வீடியோ வந்திருக்கும். ஒரு பக்கம் ‘கள் எங்கள் உணவு’ன்னு சொல்றாங்க. இன்னொரு பக்கம் ‘டாஸ்மாக்கே போதும், இன்னொரு போதை வேண்டாம்’னு சொல்றாங்க.

இரண்டு தரப்பும் கள் என்பதை ஒரு பொருளாப் பேசுறாங்க. உண்மையில் கள் ஒரு பொருள் இல்ல, அது ஒரு நேரம். காலை 6 மணிக்கு ஒன்றாகவும், மதியம் 12 மணிக்கு வேறொன்றாகவும், மறுநாள் மூன்றாவது ஒன்றாகவும் இருக்கிற சாறு அது. இந்தக் கடிகாரத்தை ஓட்டுவது கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட்டும் பாக்டீரியாவும். அதைப் புரிஞ்சுக்கிட்டா, ‘தடையை நீக்கணுமா, வேண்டாமா’ என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருப்பது தெரியும்: நீக்கினால், ஆவடி மாதிரி ஒரு ஊருக்கு வந்து சேரப்போவது எந்தக் கள்?

ஒரு கலயத்தின் 24 மணி நேரம்

முதல்ல மரத்துக்குப் போவோம். பனையின் பூந்தண்டுதான் பாளை. பனையேறி அதை மர இடுக்கியால் பதமாக நசுக்கி, கட்டி, நுனியை மெல்லிசாகச் சீவிவிடுவார். வெட்டிய இடத்தில் சாறு சொட்டும். அதுக்குக் கீழே கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கிவிடுவார். வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க, காலையும் மாலையும் ஏறிப் புதுசாகச் சீவ வேண்டும். ஒருநாள் விட்டாலும் சாறு குறையும்.

மரத்துக்குள்ளே ஓடும்போது அந்தச் சாறு சுத்தமானது. கிருமி கிடையாது. அமிலமும் இல்லை, காரமும் இல்லை, கிட்டத்தட்ட நடுநிலை. ஒரு லிட்டரில் சுமார் 120 கிராம் சர்க்கரை இருக்கும், பெரும்பகுதி நாம் டீயில் போடுகிற அதே வகைச் சர்க்கரை. கூடவே கொஞ்சம் அமினோ அமிலம், வைட்டமின், தாது உப்பு. ஒரு நுண்ணுயிரிக்கு இதைவிடப் பெரிய கல்யாணச் சாப்பாடு கிடையாது.

அழைப்பிதழே இல்லாமல் எல்லாரும் வந்துவிடுகிறார்கள். வெட்டுவாயில் ஏற்கெனவே சிலர் ஒட்டியிருப்பார்கள். தேனீ, எறும்பு, பழ ஈ தங்கள் காலில் கொண்டுவருவது சிலரை. ஆனால் பெரும் கூட்டம் கலயத்திலேயே காத்திருக்கிறது. மண் கலயத்தின் நுண்துளைகளில் நேற்றைய கள்ளின் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுகிறோமே, கள் இறக்குபவருக்கு அந்தப் பழைய கலயம்தான் உறை. அதனால்தான் கள்ளுக்கான கலயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்க மாட்டார்கள்.

முதல் சுற்றில் ஜெயிப்பது பாக்டீரியா. லூக்கோனோஸ்டாக், லாக்டோபேசில்லஸ் போன்ற லாக்டிக் அமில வகைகள், அதாவது தயிரைப் புளிக்க வைக்கும் கூட்டத்தின் உறவினர்கள். இவை சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. சாறு மெல்லப் புளிப்புப் பக்கம் சாய்கிறது. லூக்கோனோஸ்டாக்குக்கு இன்னொரு வேலையும் தெரியும். சர்க்கரையைக் கோத்துப் பசை மாதிரி ஒரு பொருளைச் செய்யும். சில நேரம் கள் கொழகொழன்னு இருக்கும் இல்லையா, அதுக்குக் காரணம் இதுதான்.

சாறு புளிக்க ஆரம்பித்ததும் பல பாக்டீரியாக்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒதுங்கிவிடும். ஈஸ்ட்டுக்கு அந்தப் புளிப்பு ஒரு பொருட்டே இல்லை. இரண்டாவது சுற்று அவர்களுடையது. பேக்கரியில் ரொட்டியை உப்ப வைக்கிற சாக்கரோமைசிஸ் செரிவிசியேதான் இங்கேயும் முக்கிய ஆள். ஆனால் தனி ஆள் இல்லை. 1986-ல் இலங்கையில் தென்னங்கள்ளை ஆராய்ந்து வெளியான ஓர் ஆய்வு, அதிலிருந்து 17 வகை ஈஸ்ட்டுகளைப் பிரித்துக் காட்டியது. கடையில் வாங்குகிற பீர், தேர்ந்தெடுத்த ஒரே ஒரு ஈஸ்ட் வகையால் செய்யப்படுவது. கள் அப்படியில்லை, ஊரே கூடிச் செய்வது. அதனால்தான் ஒரு தோப்புக் கள் மாதிரி இன்னொரு தோப்புக் கள் இருப்பதில்லை.

ஈஸ்ட் சர்க்கரையை இரண்டாக உடைக்கிறது. ஒன்று ஆல்கஹால், இன்னொன்று கார்பன் டை ஆக்ஸைடு. கலயத்தில் பொங்கும் நுரை அந்த வாயுதான். சைமோமோனாஸ் என்று ஒரு பாக்டீரியாவும் இதே வேலையைச் செய்கிறது. மெக்சிகோவில் கற்றாழை இனச் செடியின் சாற்றில் செய்யும் ‘புல்கே’ என்ற பானத்திலும் இதே ஆள்தான் இருக்கிறார். உலகத்தின் இரு மூலைகளில், வெவ்வேறு செடிகளில், ஒரே நுண்ணுயிரி ஒரே வேலையைப் பார்க்கிறது.

கள் ஏன் வெள்ளையாக இருக்கிறது தெரியுமா? பால் மாதிரி எதுவும் அதில் கலக்கவில்லை. மரத்திலிருந்து வரும்போது சாறு தெளிவாகத்தான் இருக்கும். அந்த வெண்மை முழுக்க, அதில் மிதக்கும் கோடிக்கணக்கான ஈஸ்ட், பாக்டீரியா செல்கள். நீங்கள் பார்ப்பது ஒரு நிறத்தை இல்லை, ஒரு கூட்டத்தை.

மூன்றாவது சுற்று, ஒருநாள் தாண்டிய பிறகு. அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா, காற்றில் உள்ள ஆக்ஸிஜனை வைத்துக்கொண்டு ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக மாற்றத் தொடங்கும். அதாவது வினிகர். இரண்டு மூன்று நாளில் மூக்கைத் துளைக்கும் புளிப்பு வந்துவிடும். கோவாவில் சமையலுக்குப் பயன்படுத்தும் கள் வினிகர் இந்த மூன்றாவது சுற்றை வேண்டுமென்றே முழுசாக ஓடவிட்டுச் செய்வதுதான்.

லாக்டிக், ஆல்கஹால், அசிட்டிக். இந்த மூன்று சுற்றும் வரிசையாக வந்தாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் ஓடும். நம்ம ஊர் வெயில் இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும். 30 டிகிரிக்கு மேல் ஈஸ்ட்டுக்குக் கொண்டாட்டம்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிங்க. கலயத்தை மாலை 6 மணிக்குக் கட்டி, காலை 6 மணிக்கு இறக்குறாங்கன்னு வைங்க. ‘இப்பதான் இறக்கினது, ஃபிரெஷ்’ என்பார்கள். ஆனால் கலயத்தின் முதல் சொட்டுக்கு வயது 12 மணி நேரம். கடைசிச் சொட்டுக்கு வயது ஒரு நிமிஷம். வயது தொடங்குவது மரத்திலிருந்து இறக்கும்போது இல்லை, சொட்டும்போது. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில், மரத்தில் தொங்கும்போதே அது கள்ளாகிவிட்டிருக்கும்.

சுண்ணாம்பு என்ன செய்யுது?

பதநீருக்கான கலயத்தில் உள்பக்கம் நீர்த்த சுண்ணாம்பைப் பூசிவிடுவார்கள். சொட்டும் சாறு அதில் பட்டதும் காரத்தன்மைக்கு மாறிவிடும். இந்த ஈஸ்ட்டுகளும் பாக்டீரியாக்களும் புளிப்பில் பிழைக்கும், காரத்தில் முடங்கிவிடும். கடிகாரம் நின்றுவிடும். சர்க்கரை சர்க்கரையாகவே இருக்கும்.

எவ்வளவு பூச வேண்டும் என்பதில்தான் கைப்பக்குவம். அதிகமானால் பதநீர் நாக்கில் கரிக்கும், காய்ச்சும் கருப்பட்டியும் கறுத்துப்போகும். குறைந்தால் இன்னொரு பிரச்னை. நொதித்தல் கொஞ்சம் தொடங்கியதும், ஈஸ்ட் முதலில் சர்க்கரையை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக வெட்டும். அந்தச் சாற்றை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகு இறுகாது. அச்சில் ஊற்றினால் கருப்பட்டி கெட்டியாகாமல் இளகி நிற்கும். லேப் இல்லாத ஊரில், காய்ச்சுகிறவர்கள் ‘இது புளிச்ச சாறு’ என்று கண்டுபிடிப்பது அந்த இளகலை வைத்துத்தான்.

சுண்ணாம்பும் நிரந்தரம் இல்லை. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடும், உள்ளே மெல்ல உருவாகும் அமிலமும் அதன் வீரியத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும். தெளிவை மட்டும் வடித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் அடியில் தங்கிய சுண்ணாம்பு பின்தங்கிவிடும். மாற்றிய பாத்திரம் பழசாக இருந்தால் ஈஸ்ட் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் காலையில் பதநீராக இருந்தது மத்தியானம் பாதிக் கள்ளாக இருக்கலாம். விற்பவர் யாரையும் ஏமாற்றவில்லை. கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

வீட்டிலேயே ஒரு டெஸ்ட்

ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா சிவப்பாகும்ல? அதே வேதியியல்தான். பதநீரைக் கொஞ்சம் தனியாக ஒரு டம்ளரில் எடுத்து, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுக் கலக்குங்க. செம்பழுப்பாக மாறினால், சாறு இன்னும் காரமாகத்தான் இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால், சுண்ணாம்பின் காவல் முடிந்துவிட்டது அல்லது அது போடப்படவே இல்லை.

இதை மட்டும் நம்பிடாதீங்க. சர்க்கரைத் தண்ணியில் சுண்ணாம்பு கலந்தாலும் மஞ்சள் சிவக்கத்தான் செய்யும். ஏற்கெனவே புளித்த சாற்றில் பிறகு சுண்ணாம்பைப் போட்டாலும் சிவக்கும். சுண்ணாம்பு அமிலத்தைத்தான் சரிக்கட்டும், உருவான ஆல்கஹாலை அது ஒன்றும் செய்யாது. அதனால் கண்ணையும் மூக்கையும் சேர்த்துக்கோங்க. நல்ல பதநீர் ஓரளவு தெளிவாக இருக்கும், குமிழி வராது, மணத்தில் சுண்ணாம்பு லேசாகத் தெரியும். பால் மாதிரி வெளுத்து, ஓரத்தில் பொடிக்குமிழி ஏறி, ரொட்டி மாவு வாசனை அடித்தால் உள்ளே ஈஸ்ட் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பாட்டிலில் வாங்கி வந்தால் இன்னும் சுலபம். மூடியை இறுக்கி ஒரு மணி நேரம் வெளியே வையுங்க. பாட்டில் கல் மாதிரி விறைத்தால் வாயு சேருகிறது. அதை அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஆவடியில் மின்சார ரயில் ஏறாதீங்க. சென்ட்ரல் போவதற்குள் மூடி பறக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் கடிகாரம் மெதுவாகும், நிற்காது.

சட்டம் கோடு போடுது, சாறு கேட்கமாட்டேங்குது

இப்போ சட்டத்துக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு 1937-ல் சேலத்தில் முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1971-ல் கள்ளுக்கடைகள் திறந்தன, 1973-ல் மூடின. 1980-களின் தொடக்கத்தில் மறுபடி திறந்தன, 1987-ல் மறுபடி மூடின. அப்போது மூடியது மூடியதுதான். 1983-ல் தொடங்கிய டாஸ்மாக், 2003-லிருந்து சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது.

இந்தச் சட்டத்தின் பார்வையில் நொதித்த பனஞ்சாறு கள், நொதிக்காதது பதநீர். காகிதத்தில் இது கத்தி வைத்து வெட்டின மாதிரி தெளிவான கோடு. கலயத்துக்குள் அப்படி ஒரு கோடே இல்லை. சுண்ணாம்பு தீரத் தீர, பதநீர் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகரும். எந்தச் சொட்டில் அது குற்றமாகிறது என்று யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் நடைமுறையில் கோடு என்பது கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா, இல்லையா என்பதுதான். மரத்தடியில் அதை முடிவு செய்வது அந்த நேரத்தில் வந்து நிற்கும் போலீஸ். பதநீர் இறக்கும் பனையேறிக்கு இது சும்மா வாதம் இல்லை. அன்றைய கூலியும், சில நேரம் வழக்கும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சில்தான் தொங்குகிறது.

‘கள் மது இல்லை, உணவு’ சரியா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பனஞ்சாற்றில் 120 கிராம் சர்க்கரை. முழுசும் ஆல்கஹாலானால் சுமார் 64 கிராம் வரும். அளவில் சொன்னால் 80 மில்லி, அதாவது 8 சதவிகிதம். ஆனால் பாக்டீரியா ஒரு பங்கை அமிலமாக்கிவிடும், ஈஸ்ட் ஒரு பங்கைத் தன் உடம்பு வளர்க்க எடுத்துக்கொள்ளும், கொஞ்சம் சர்க்கரை மிச்சமும் நிற்கும். அதனால் நடைமுறையில் பனங்கள் 5 சதவிகிதத்தை ஒட்டி நிற்கும். கேரளத்தின் கலால் விதிகளில் பனங்கள்ளுக்கு 5.2, தென்னங்கள்ளுக்கு 8.1 சதவிகிதம் என்று உச்சவரம்பு வைத்திருந்ததன் பின்னணி இதுதான். தென்னஞ்சாற்றில் சர்க்கரை அதிகம், அதனால் கள்ளிலும் வீரியம் அதிகம்.

5 சதவிகிதம் என்றால் சாதாரண பீர் அளவு. ஒரு லிட்டர் கள்ளில் 50 மில்லி சுத்த ஆல்கஹால். டாஸ்மாக்கில் விற்கும் 42.8 சதவிகித பிராந்தியில் ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், 77 மில்லி. அப்போ ஒன்றரை லிட்டர் கள்ளும் ஒரு குவார்ட்டரும் உடம்புக்குக் கொடுப்பது ஒரே அளவு ஆல்கஹால். கள்ளில் ஈஸ்ட் இருக்கிறது, பி வகை வைட்டமின் இருக்கிறது, உயிருள்ள லாக்டிக் பாக்டீரியா இருக்கிறது. எல்லாம் உண்மை. ஒரு லிட்டர் குடித்துவிட்டு வண்டி எடுத்தால் ஊதச் சொல்லும் இடத்தில் மாட்டுவீங்க என்பதும் உண்மை. அந்தக் கருவிக்கு வைட்டமின் தெரியாது.

ஆனால் மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். பனஞ்சாறு நொதிக்கும்போது அந்த அளவு மெத்தனால் உருவாக வழியே இல்லை. பழத்தோலிலும் சதையிலும் இருக்கும் பெக்டின் என்ற பொருள் உடைந்தால்தான் மெத்தனால் வரும், மரச்சாற்றில் அது பெயரளவுக்குத்தான். மேலும் கள்ளில் ஆல்கஹால் ஓர் அளவுக்கு மேல் ஏறவே முடியாது, சர்க்கரை தீர்ந்துவிடும். கள் இயக்கத்தினர் ‘கள் குடித்துச் சாகமாட்டார்கள்’ என்று சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அது கள்ளாக மட்டும் இருந்தால்.

ஆவடிக்கு எந்தக் கள் வரும்?

உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குது. நாளைக்கே தடை நீங்குதுன்னு வைங்க. பெரியதாழையில் இருப்பவருக்கு மரத்தடியிலேயே கள் கிடைக்கும். சாறு நடக்க வேண்டிய தூரம் கொஞ்சம்தான். ஆவடியில் ஃபேக்டரியும், ஐ.டி. ஷிஃப்டும், அடுக்குமாடிகளும்தான் கூட்டம். ஏரிக்கரையில் மிச்சமிருக்கும் பனைகள் இந்த ஜனத்தொகைக்குக் காணாது. கள் வெளியூரிலிருந்துதான் வரணும்.

தென் மாவட்டத்திலிருந்து லாரியில் 10, 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கலயத்தில் இருந்த இரவையும் சேர்த்தால் ஆவடிக்கு வந்து சேரும்போது வயது ஒருநாள். ஆல்கஹால் உச்சத்தில் இருக்கும், இனிப்பு போயிருக்கும், வினிகர் சுற்று வாசலில் நிற்கும். மாலைக்குள் விற்காவிட்டால் கொட்ட வேண்டியதுதான். பிராந்தி பாட்டில் அலமாரியில் வருஷக்கணக்கில் நிற்கும். கள்ளுக்கு அலமாரியே கிடையாது.

கேரளத்தில் இதை நேரிலேயே பார்க்கலாம். பாலக்காடு மாவட்டம் சித்தூர்ப் பகுதிதான் அந்த மாநிலத்தின் கள் களஞ்சியம். அங்கிருந்து எர்ணாகுளம், திருவனந்தபுரம் வரை பெர்மிட்டோடு வண்டிகளில் போகிறது. வழியெல்லாம் நொதித்துக்கொண்டே போகிறது. இறக்கும்போது வரம்புக்குள் இருந்த கள், கடைக்கு வரும்போது வரம்பைத் தாண்டியிருக்கலாம். மாதிரி எடுத்து லேபுக்குப் போவதற்குள் இன்னும் ஏறலாம். ‘எந்த நேரத்துச் சதவிகிதம்?’ என்ற கேள்விக்கு விடை இல்லாமல் ஒரு எண்ணை மட்டும் சட்டத்தில் எழுதினால் இதுதான் நடக்கும்.

அதைவிட ஆபத்து இன்னொன்று. கேட்பவர்கள் அதிகம், மரம் குறைவு, சரக்கு ஒருநாளில் கெட்டுவிடும். இந்த மூன்றும் சேர்ந்தால் கலப்படம் பிறக்கும். தண்ணி ஊற்றி அளவைக் கூட்டுவார்கள். இனிப்பு குறைந்ததும் சாக்கரின் போடுவார்கள். வீரியம் குறைந்ததும் தூக்க மாத்திரை வகைப் பொருள்கள் உள்ளே வரும். தெலங்கானாவில் குளோரல் ஹைட்ரேட், டயஸிபாம், அல்பிரசோலம் கலந்த கள் பல வருஷப் பிரச்னை. 2025 ஜூலையில் ஹைதராபாத்தின் கூகட்பள்ளியில் கலப்படக் கள் குடித்துப் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள், உயிரிழப்பும் நடந்தது. அது தோப்பு இல்லை என்பதைக் கவனிங்க. ஒரு பெருநகரத்தின் நெரிசலான மேற்குப் பகுதி. ஆவடி, அம்பத்தூரைப் போன்ற இடம். அங்கே கொன்றது ஈஸ்ட் இல்லை. ஈஸ்ட்டால் ஈடுகொடுக்க முடியாத தேவை.

கடிகாரத்தை நிறுத்த வேறு வழி இருக்கா?

இருக்கு. ஒன்று குளிர். காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், பாளையிலேயே பொருத்தும் ஐஸ் பெட்டி ஒன்றை உருவாக்கி, அதில் சேரும் தென்னஞ்சாற்றுக்கு ‘கல்பரசா’ என்று பெயர் வைத்திருக்கிறது. முதல் சொட்டிலிருந்தே குளிர் இருப்பதால் சுண்ணாம்பே வேண்டாம். தமிழ்நாட்டிலும் தென்னையிலிருந்து நொதிக்காத நீரா இறக்க 2017-ல் விதிகள் வந்தன. ஆனால் மரத்திலிருந்து கடை வரை குளிர் ஒரு இடத்தில்கூட அறுந்துவிடக் கூடாது. அறுந்தால் அந்த இடத்திலிருந்து கடிகாரம் ஓடும். பனையில் 60 அடி உயரத்துக்கு ஐஸ் பெட்டியைச் சுமந்து ஏறுவது பற்றி பனையேறியிடம்தான் கேட்கணும்.

இன்னொன்று சூடு. யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைச் சேகரித்து, பாட்டிலில் அடைத்து, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்றுவிடுகின்றன. இந்தப் ‘போத்தல் கள்’ மாதக்கணக்கில் நிற்கும், கப்பலேறி வெளிநாட்டுத் தமிழர்களிடமும் போகிறது. அதில் சதவிகிதத்தை அளந்து லேபிளில் எழுத முடியும், அது மாறாது. ஆனால் அதில் உயிருள்ள ஈஸ்ட்டும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை, மரத்தடிக் கள்ளின் அந்தப் பொங்கலும் இல்லை. ‘கள் உயிருள்ள உணவு’ என்ற வாதத்தை அந்த பாட்டிலுக்குச் சொல்ல முடியாது. அது பனையில் செய்த பீர்.

ஆக, இரண்டு கள் இருக்கிறது. ஒன்று மரத்தடிக் கள்: காலையில் இறக்கி மதியத்துக்குள் குடித்து முடிப்பது, ஊர் எல்லையைத் தாண்டாதது. இன்னொன்று பாட்டில் கள்: ஆவடிக்கு வரக்கூடியது, ஆனால் தொழிற்சாலை வழியாக மட்டுமே. இரண்டுக்கும் ஒரே அனுமதி, ஒரே விதி எழுதினால் முதலாவது அழியும், இரண்டாவதின் இடத்தில் கலப்படம் உட்காரும்.

அடுத்த முறை மேடையிலோ டிவி விவாதத்திலோ யாராவது ‘கள்ளுக்கடையைத் திறப்போம்’ என்றால், கைதட்டுறதுக்கும் திட்டுறதுக்கும் முன்னாடி இதைக் கேளுங்க. இறக்கி எத்தனை மணி நேரத்துக்குள் விற்கணும்னு விதி இருக்குமா? எத்தனை கிலோமீட்டர் தாண்டக் கூடாதுன்னு இருக்குமா? சதவிகிதத்தை மரத்தடியில் அளப்பாங்களா, கடையில் அளப்பாங்களா? தூக்க மாத்திரை கலந்திருக்கான்னு யார், எங்கே சோதிப்பாங்க? ‘தடையே தொடரட்டும்’ என்பவர்களிடமும் ஒன்று கேளுங்க: சுண்ணாம்பு கொஞ்சம் குறைஞ்ச கலயத்தோடு நிற்கும் பனையேறியை எந்த அளவுகோலை வைத்துக் குற்றவாளின்னு சொல்றீங்க?

அதுவரைக்கும் ரோட்டோரம் பதநீர் குடிக்கிறவங்க காலை 9 மணிக்குள்ள குடிச்சிடுங்க. பார்சல் வாங்கினா மூடியை இறுக்காதீங்க. வீட்டுக்குப் போனதும் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுப் பாருங்க.

*(மது உடல்நலத்துக்குக் கேடு. தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் குடிப்பதும் தற்போதைய சட்டப்படி தடைசெய்யப்பட்டவை.)*